அப்பாவின் வைத்தியசாலைக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?

யேர்மனியில் வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்கு விடும் நாளில், நோயாளியின் கையில் ஒரு கடித உறையைக் கொடுத்து அனுப்புவார்கள். உள்ளே நாலைந்து பக்கம் நெருக்கி அச்சடித்திருக்கும். இதை ஆர்ட்ஸ்ட்பிரீஃப் என்பார்கள், வைத்தியரின் கடிதம் என்று பொருள். 2017 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, விடுகிற அன்றே இதைக் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு முழுதாக எழுதி முடியாவிட்டால் தற்காலிகக் கடிதம் என்று தலைப்பிட்டாவது கொடுப்பார்கள்.

பிரித்தவுடன் முதல் வரி "மதிப்புக்குரிய சக வைத்தியரே" என்று தொடங்கும். இந்த வரியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடிதம் வந்தது வீட்டுக்கு, எழுதப்பட்டது குடும்ப வைத்தியருக்கு. வைத்தியருக்கு வைத்தியர் எழுதும்போது எதையும் விளக்க வேண்டியதில்லை, பாதிச் சொல்லை வெட்டிச் சுருக்கினாலும் மற்றவருக்கு விளங்கும். அதைத் தமிழில் சொல்ல உட்காருகிறவருக்கு யேர்மன் மட்டும் தெரிந்தால் போதாது. ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: இதைச் சொன்னது யார், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள், இனி யார் என்ன செய்ய வேண்டும்.

நான் நோர்த்ரைன் வெஸ்ட்பாலனில் இருக்கிறேன். எண்பதுகளில் இங்கே அகதியாக வந்து இறங்கிய இளைஞர்களுக்கு இப்போது எழுபது வயது ஆகிறது. அதனால் இந்தக் கடிதங்கள் என் சமையலறை மேசைக்கு அடிக்கடி வருகின்றன. அப்படி வந்த ஒன்றை எடுத்துச் சொல்கிறேன். ஆளைத் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுபத்தொரு வயது ஐயா. பிரசரும் சீனியும் நெடுநாளாக இருக்கிறது. கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கி, ஒரு இரவு அம்புலன்சில் கொண்டுபோய் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். கடிதத்தை முதலில் வாசித்தது பேத்தி, பத்தாம் வகுப்புப் படிக்கிறவள். யேர்மன் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "அப்பம்மா, அப்பப்பாவுக்கு 2014ல சலத்தில கிருமி வந்தது எண்டு போட்டிருக்கு. சுவாசப்பையில கட்டி அடைச்சிருக்காம். இதயம் செயலிழந்திட்டுதாம்" என்று வாசித்துச் சொல்லியிருக்கிறாள். மூன்றுமே பிழை. அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

முதலாவதை எடுப்போம். நோய்களின் பட்டியலில் ஒரு வரி "சுஸ்டான்ட் நாஹ் ஹா-வே-ஈ 2014" என்று இருந்தது. சுஸ்டான்ட் நாஹ் என்பதைச் சொல்லுக்குச் சொல் போட்டால் "பின் நிலை" என்று ஏதோ வரும். முன்பு ஒருமுறை இது வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான் அதன் அர்த்தம். இரண்டே எழுத்தாகச் சுருக்கி எழுதுவார்கள். அந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் பழைய நோய் இன்றைய நோயாகிவிடும். தமிழில் நான் "2014இல் வந்து போனது" என்று வினையாகவே எழுதிவிடுவேன்.

ஹா-வே-ஈ தான் பொறி. இந்த மூன்று எழுத்துக்கு யேர்மன் வைத்தியரிடம் இரண்டு விரிவு உண்டு. ஒன்று ஹார்ன்வேக்ஸ்இன்ஃபெக்ட், சலப்பாதையில் கிருமித்தொற்று. மற்றது ஹின்டர்வான்ட்இன்ஃபார்க்ட், இதயத்தின் பின்சுவரில் வந்த மாரடைப்பு. இணையத்தில் தேடினால் பெரும்பாலும் முதலாவதுதான் மேலே வரும், பேத்தி அதைத்தான் எடுத்திருக்கிறாள். ஆனால் அதே வரியில் ஒரு ஸ்டென்ட் வைத்ததும், அது வலது இதயத் தமனியில் என்றும் எழுதியிருந்தது. சலத்தில் கிருமிக்கு யாரும் ஸ்டென்ட் வைப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், மூன்றாம் பக்கத்தில் அதே ஹா-வே-ஈ திரும்பவும் வந்தது. அங்கே ஐந்து நாள் அன்ரிபயோட்டிக் கொடுத்தோம் என்று தொடர்ந்தது. அது உண்மையிலேயே சலத் தொற்று, வார்ட்டில் இருக்கும்போது வந்தது. ஒரே கடிதம், ஒரே மூன்று எழுத்து, இரண்டு நோய். சுருக்கெழுத்தைத் தனியாகத் தேடாமல் பக்கத்தில் என்ன மருந்து, என்ன சோதனை, எந்த உறுப்பு என்று பார்த்து விரிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாவது, சுவாசப்பைக் கட்டி. பட்டியலில் இருந்தது "அவுஸ்ஷ்லுஸ் லுங்கன்எம்போலி". சுவாசப்பை இரத்தக் குழாயில் இரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று சீற்றீ ஸ்கான் எடுத்துப் பார்த்தோம், இல்லை என்று கண்டோம் என்பதுதான் அதன் பொருள். அவுஸ்ஷ்லுஸ் என்றால் விலக்கிவிட்டோம். இல்லாத நோயை ஏன் நோய்ப் பட்டியலில் போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். மூச்சுத் திணறி வந்தவருக்கு அது இல்லை என்று தெரிந்ததே குடும்ப வைத்தியருக்குப் பெரிய செய்தி. இதிலே இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முன்னால் "சும்" என்று ஒரு சின்னச் சொல் வந்து "சும் அவுஸ்ஷ்லுஸ்" என்று இருந்தால், இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்காக என்றாகிவிடும். பார்த்த முடிவு வேறு இடத்தில் இருக்கும், அல்லது இன்னும் பார்க்கவே இல்லை. "ஃபெர்டாக்ட் அவுஃப்" என்று வந்தால் சந்தேகம் மட்டும். தமிழில் இந்த மூன்றையும் "இல்லை என்று உறுதியானது", "பார்க்க வேண்டியது", "இருக்கலாம் என்று நினைக்கிறார்கள்" என்று மூன்று விதமாகச் சொன்னால் போதும். எல்லாவற்றுக்கும் நோயின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போவதுதான் நான் அதிகம் காணும் பிழை.

நெகாடிவ் என்ற சொல்லும் இதே சாதி. "எதிர்மறை" என்று எழுதிக் கொடுத்தால், கெட்ட முடிவு என்று வயதானவர்கள் நினைக்கிறார்கள். "தேடினார்கள், காணவில்லை" என்று எழுதினால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

மூன்றாவது, இதயம். ஹேர்ஸ்இன்சுஃபிசியென்ஸ் என்பதற்கு அகராதி "இதயச் செயலிழப்பு" என்று தரும். பாடப்புத்தகத்தில் அது சரி. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஐயாவின் தங்கச்சி தொலைபேசியில் அதைக் கேட்டால், அண்ணை போய்விட்டார் என்றுதான் அழத் தொடங்குவா. யேர்மன்காரர்களே வீட்டுப் பேச்சில் இதை ஹேர்ஸ்ஷ்வெஹே என்பார்கள், இதயப் பலவீனம். நான் "இதயம் இரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்திருக்கிறது" என்று எழுதினேன். அதன் கீழே அளவும் இருந்தது: 35 சதவீதம். இதைத் தனியே விட்டால் நூற்றுக்கு முப்பத்தைந்துதான் இதயம் வேலை செய்கிறது என்று நினைப்பார்கள். இடது அறையில் நிரம்பும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை பங்கு வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். நல்ல ஆரோக்கியமான இதயத்துக்கே அது ஐம்பத்தைந்து, அறுபது என்றுதான் இருக்கும், நூறு யாருக்கும் வராது. ஆகவே 35 என்பது தெளிவான குறைவு, ஆனால் குடும்பம் பயந்த அளவுக்கு இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை அடைப்புக்குறிக்குள் சேர்ப்பது மொழிபெயர்ப்பா விளக்கமா என்று சிலர் கேட்பார்கள். கடிதம் யாரை நினைத்து எழுதப்பட்டதோ அந்த வாசகருக்கு அது தெரியும், நம் வாசகருக்குத் தெரியாது. ஆகவே சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் நான் சேர்த்தது எது, கடிதத்தில் இருந்தது எது என்று கண்ணுக்குத் தெரியும்படி வேறு நிறப் பேனாவால் எழுதுவேன்.

பயத்தைக் குறைக்கிறேன் என்று பொருளைக் குறைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "இதயத்தில் சின்னப் பிரச்சினை" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் ஐயா அடுத்த வாரமே உப்பு மீனுக்கும் ஊறுகாய்க்கும் போய்விடுவார்.

இனி யார் சொன்னது என்ற கேள்வி. கடிதத்தின் இரண்டாம் பத்தியில், நோயாளி உடம்பில் தேங்கும் தண்ணியை வெளியேற்றும் குளிசையை இரண்டு வாரமாக எடுக்கவில்லை என்று இருந்தது. மகன் அதைப் பார்த்துவிட்டு அப்பாவோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. நான் வரியைப் பார்த்தேன். அங்கே வினை சாதாரண இறந்தகாலத்தில் இல்லை, கொன்யுங்டிவ் என்கிற வடிவத்தில் இருந்தது. "எடுக்கவில்லை" என்பதற்கு யேர்மன் மொழியில் ஒரு வடிவம், "எடுக்கவில்லை என்று சொல்லப்படுகிறது" என்பதற்கு இன்னொரு வடிவம். நோயாளியோ கூட வந்தவரோ சொன்னதை எழுதும்போது வைத்தியர்கள் இரண்டாவதைப் பாவிப்பார்கள், நாங்கள் இதைச் சோதிக்கவில்லை, கேட்டதை எழுதுகிறோம் என்பதற்காக. ஆங்கிலத்தில் இதைக் கொண்டுவர வாக்கியத்தையே மாற்ற வேண்டும். தமிழுக்கு ஒரு விகுதி போதும்: "எடுக்கவில்லையாம்." அந்த ஆம் இருக்கிறதே, கொன்யுங்டிவுக்கு அதைவிடப் பொருத்தமான துணை வேறு மொழியில் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். கடைசியில் விசாரித்தால், அந்த இரவு அவசரப் பிரிவில் ஐயா தன் அரைகுறை யேர்மனில் சொல்ல முயன்றது, குளிசை இரண்டு நாளைக்கு முன் முடிந்துவிட்டது, இரண்டு வாரமாகக் குடும்ப வைத்தியர் விடுமுறை என்பது. இரண்டும் ஒன்றாகக் கலந்து எழுதப்பட்டிருக்கிறது. "எடுக்கவில்லையாம்" என்று மொழிபெயர்த்திருந்தால் அந்த ஒரு நாள் சண்டை வந்திருக்காது.

எண்களில் இன்னொரு ஆபத்து. யேர்மனியில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. நம் ஊரில் நேரெதிர். ஐயாவின் இரத்தப் பரிசோதனையில் இதயத்துக்குச் சுமை ஏறினால் உயரும் ஒரு புரதத்தின் அளவு 4.850 என்று இருந்தது. 125க்குக் கீழே இருந்தால் நல்லது. யாழ்ப்பாணத்தில் வைத்தியராக இருக்கும் மருமகளுக்கு மகன் அதை அப்படியே வாட்சப்பில் தட்டி அனுப்பியிருக்கிறார். அவ நாலே முக்காலுக்குச் சற்று மேல் என்று வாசித்துவிட்டு, "பயப்பட ஒண்டும் இல்லை மாமா" என்று பதில் போட்டிருக்கிறா. உண்மையில் அது நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது. மருந்திலும் இதே கதைதான். பிசோப்ரோலோல் 2,5 மில்லிகிராம் என்றால் இரண்டரை. சீனிக்கான மெற்போமின் 1.000 என்றால் ஆயிரம். நான் எல்லா எண்ணையும் நம் முறைக்கு மாற்றி எழுதி, மருந்தின் அளவாக இருந்தால் பக்கத்தில் எழுத்தாலும் எழுதிவிடுவேன்.

மருந்து அட்டவணைக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. மூன்று மருந்தோ அதற்கு மேலோ எடுப்பவர்களுக்கு 2016 ஒக்டோபரில் இருந்து நாடு முழுவதும் ஒரே மாதிரியான அட்டவணையைக் கேட்டு வாங்க உரிமை உண்டு. அதில் 1-0-1-0 என்று நாலு இலக்கம் இருக்கும்: காலை, மத்தியானம், பின்னேரம், படுக்கப் போகும்போது. இலக்கத்தை விட்டுவிட்டு நாலு பெட்டி கீறி, எடுக்கும் நேரத்துக்குக் கீழே ஒரு வட்டம் போட்டால் வாசிக்கத் தெரியாத அப்பாச்சிக்கும் விளங்கும். மருந்தின் பெயரைத் தமிழில் மட்டும் எழுதாதீர்கள். பெட்டியில் உள்ள எழுத்திலேயே முதலில் எழுதி, கீழே தமிழில் உச்சரிப்பைப் போடுங்கள். காப்புறுதிக்கும் மருந்துக் கம்பனிகளுக்கும் உள்ள கழிவு ஒப்பந்தங்களால் பார்மசியில் ஒவ்வொரு முறையும் வேறு கம்பனியின் பெட்டி வரக்கூடும். உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பெயர்தான் மாறாமல் இருக்கும்.

ஐயாவின் அட்டவணையில் புதிதாக வந்த மருந்து சக்குபிட்ரில், வல்சார்டன் இரண்டும் சேர்ந்த ஒரு குளிசை. பல வருடமாக எடுத்த ராமிப்ரிலுக்கு நேரே "அப்கெசெட்ஸ்ட்" என்று இருந்தது. மெற்போமினுக்கு நேரே "பவுசியர்ட்". இரண்டையும் பேத்தி "நிப்பாட்டியாச்சு" என்று சொல்லியிருக்கிறாள். முதலாவது அடியோடு நிறுத்தியது. இரண்டாவது தற்போதைக்கு நிறுத்தி வைத்தது: சீற்றீக்கு ஏற்றிய சாயமும் சிறுநீரக அளவும் காரணம், அளவு சரியானால் திரும்பத் தொடங்கலாம். பவுசியர்டை அடியோடு நிறுத்தியதாக எடுத்தால் சீனி ஏறும். அப்கெசெட்ஸ்டை லேசாக எடுத்தால் அதைவிடக் கேடு. வீட்டு அலுமாரியில் ராமிப்ரில் பாதிப் பெட்டி இருக்கிறது, ஐயா காசு கொடுத்து வாங்கியதை எறிகிற ஆள் இல்லை. ராமிப்ரிலும் சக்குபிட்ரிலும் ஒன்றாக உடம்பில் இருந்தால் முகமும் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சே அடைபடலாம். ஒன்றை விட்டு மற்றதைத் தொடங்கக் குறைந்தது 36 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது அதனால்தான். கடிதத்தில் இந்த எச்சரிக்கை இல்லை, குடும்ப வைத்தியருக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே தமிழ்த் தாளில் "இனி எடுக்கக் கூடாத மருந்து" என்று தனியே ஒரு பெட்டி கீறி, ராமிப்ரிலின் பெயரை அதற்குள் எழுதினேன். மகன் அன்றைக்கே பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டார்.

கடைசிப் பத்தியின் பெயர் புரொட்சேடெரே, இனி நடக்க வேண்டியது. "ஒரு வாரத்தில் சிறுநீரக அளவுகளின் கொன்ட்ரோலேயை வேண்டுகிறோம்", "மூன்று மாதத்தில் இதய எக்கோ கொன்ட்ரோலே பரிந்துரைக்கப்படுகிறது" என்று வரும். கொன்ட்ரோலே என்பதைக் "கட்டுப்பாடு" என்று எழுதிவிடுகிறார்கள். யேர்மனில் அது சோதித்துப் பார்ப்பது. பிரசர் கொன்ட்ரோலே என்றால் பிரசரை அளந்து பார்ப்பது. "வீடர்அவுஃப்நாமே" என்ற சொல்லும் இதே பத்தியில் இருந்தது. மகன் அதைத் திரும்பவும் வைத்தியசாலையில் அனுமதிப்பது என்று எடுத்து, ஒரு வாரத்தில் பை கட்ட வேண்டும் என்று நினைத்திருந்தார். அப்படியும் பொருள் வரும்தான். ஆனால் அங்கே அது மெற்போமினை ஒட்டி வந்தது: அந்த மருந்தைத் திரும்பத் தொடங்குவது.

அதைவிடப் பெரிய குழப்பம் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. "பரிந்துரைக்கப்படுகிறது" என்றால் யார் செய்வது? இலங்கையில் கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியை எழுதித் தந்துவிடுவார்கள். இங்கேயும் வைத்தியசாலை கடிதம் போட்டுக் கூப்பிடும் என்று குடும்பம் காத்திருக்கும். யாரும் கூப்பிட மாட்டார்கள். குடும்ப வைத்தியரிடம் கடிதத்தைக் கொண்டுபோய் மருந்துக்குச் சிட்டை வாங்குவதும், இதய வைத்தியரிடம் நாள் எடுப்பதும் நோயாளியின் வேலை. இதய வைத்தியருக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால், மூன்று மாதம் என்று எழுதியிருந்தால் அன்றைக்கே தொலைபேசி எடுக்க வேண்டும். ஆகவே தமிழில் செயப்பாட்டு வினையை ஒழித்துவிட்டு எழுவாயோடு எழுதினேன்: "மகன் இந்த வாரம் இதய வைத்தியருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும்." "ஐயா ஒவ்வொரு நாளும் காலையில் சலம் போன பிறகு, சாப்பிட முன் நிறை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் குடும்ப வைத்தியரிடம் போக வேண்டும்." அந்த இரண்டு கிலோ சாப்பாட்டால் வருவதில்லை, உடம்பில் தேங்கும் தண்ணி.

இப்படியும் பிடிபடாத இடங்கள் இருக்கும். மருத்துவ யேர்மனைச் சாதாரண யேர்மனுக்கு மாற்றித் தர, டிரெஸ்டனில் 2011இல் தொடங்கிய "வாஸ் ஹாப் இஹ்" என்ற சேவை இருக்கிறது. மருத்துவ மாணவர்களும் வைத்தியர்களும் இலவசமாகச் செய்கிறார்கள். தமிழுக்கு அங்கிருந்து வருவது பாதி வேலைதான். அவசரம் என்றால் நான் கடிதத்தின் முடிவில் உள்ள கையெழுத்துகளைப் பார்ப்பேன். பெரும்பாலும் மூன்று இருக்கும்: தலைமை வைத்தியர், மூத்த வைத்தியர், உதவி வைத்தியர். கடிதத்தை எழுதியது அநேகமாக மூன்றாமவர். வார்ட்டுக்கு நோயாளியையே தொலைபேசி எடுக்கச் சொல்லி, அல்லது அவருடைய சம்மதத்தோடு பக்கத்தில் இருந்து, அந்த உதவி வைத்தியரின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். விளக்கம் கேட்கிறோம் என்று பொதுவாகக் கேட்டால் குடும்ப வைத்தியரிடம் போங்கள் என்பார்கள். "மூன்றாம் பக்கத்தில் இந்த வரியில் மெற்போமினை எந்த அளவு வந்தால் திரும்பத் தொடங்குவது?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் வரும்.

சம்மதம் என்று சொன்னேன். அது வெறும் சடங்கில்லை. பொதுக் காப்புறுதி மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் தருவதில்லை, அதனால் வேலை வீட்டுப் பிள்ளைகள் தலையில் விழுகிறது. இந்தக் கடிதங்களில் குடி, புகை, பழைய நோய்கள் எல்லாம் ஒரு வரியில் இருக்கும். ஐயாவின் கடிதத்திலும் அப்படி ஒரு வரி இருந்தது. தமிழ்த் தாளை எழுதும் முன் அவரைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் யாருக்கு எதைக் காட்டலாம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தங்கச்சி, குளிசையும் சாப்பாடும் உள்ள பக்கத்தைச் சுவரில ஒட்டு. மற்றதை எனக்கு மட்டும் வாசி" என்றார்.

சுவரில் ஒட்டிய பக்கம் இப்போதும் அவர்களுடைய குளிரூட்டிக்கு மேலே இருக்கிறது. பக்கத்தில் நிறை பார்த்து எழுதும் கொப்பி, நூலில் கட்டிய பேனாவோடு. சிறுநீரக அளவு ஒரு வாரத்தில் சரியாகவில்லை. மெற்போமினுக்கு நேரே நான் எழுதிய "தற்போதைக்கு" என்ற சொல்லுக்குக் கீழே பேத்தி பென்சிலால் ஒரு கோடு போட்டு, அடுத்த இரத்தப் பரிசோதனைத் திகதியை எழுதியிருக்கிறாள்.